கல்யாண அழைப்பிதழ் வலைத்தளம்: வீட்டாருக்கு விலைப்புள்ளி எழுதும் முறை

கல்யாண வீட்டாருக்கு அனுப்பும் விலைப்புள்ளியை ஒருவர் மட்டும் படிப்பதில்லை. உங்களிடம் பேசியவர் மணமகளின் அண்ணனாக இருப்பார், பணம் கொடுப்பவர் அப்பாவாக இருப்பார், டிசைன் பிடித்திருக்கிறதா என்று சொல்பவர் மணமகளாக இருப்பார். உங்கள் செய்தி வாட்ஸ்அப்பில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். உங்களோடு பேசியிராத ஒருவர் அதைத் திறந்து, என்ன கிடைக்கும், எவ்வளவு ஆகும், எத்தனை முறை மாற்றலாம் என்ற மூன்றையும் பிறரைக் கேட்காமலே புரிந்துகொள்ள வேண்டும். ஆகவே தொகையும் அந்தத் தொகைக்கு உரிய வேலையும் ஒரே செய்தியில், அருகருகே இருக்க வேண்டும். தொகையை மட்டும் தனிச் செய்தியாக அனுப்பினால் அது மட்டும்தான் வீட்டுக் குழுவுக்குப் போய்ச் சேரும். அதைப் பார்க்கும் பெரியவர் ‘ஒரு லிங்க்குக்கு இவ்வளவா?’ என்றுதான் கேட்பார்.

இங்கே ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். நான்கு பக்கங்கள், தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு மொழிகள், இரண்டு திருத்தச் சுற்றுகள். தொகைகளை நாணயம் குறிப்பிடாமல், ஒரு மணி நேர வேலைக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விகிதத்தைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எழுதும் முன் கேட்க வேண்டியவை

விலை சொல்வதற்கு முன் ஐந்து கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எத்தனை நிகழ்ச்சிகள்? எந்தெந்த மொழிகள்? வருவோர் பெயரைப் பதிவு செய்யும் படிவம் வேண்டுமா? அச்சிட்ட அழைப்பிதழும் உண்டா, அதில் க்யூஆர் குறியீடு போடப் போகிறார்களா? லிங்க்கை உறவினர்களுக்கு அனுப்பத் தொடங்கும் நாள் எது?

கடைசிக் கேள்வியை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். வீட்டார் சொல்வது கல்யாணத் தேதி. உங்களுக்குத் தேவை அழைக்கத் தொடங்கும் தேதி. இரண்டுக்கும் நடுவில் பல வாரங்கள் இருக்கக்கூடும். கல்யாணத் தேதியை வைத்து நாள் கணக்குப் போட்டால், நீங்கள் முதல் மாதிரியைக் காட்டும்போதே அவர்கள் லிங்க்கை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள்.

க்யூஆர் கேள்விக்கும் காரணம் இருக்கிறது. அச்சில் ஏறிய குறியீட்டை அப்புறம் மாற்ற முடியாது. அது காட்டும் முகவரி கடைசிவரை உயிரோடு இருக்க வேண்டும். எனவே டொமைன் பெயரை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பே வாங்கியாக வேண்டும். சில இலவச க்யூஆர் சேவைகள் குறியீட்டைத் தங்கள் முகவரி வழியாகத் திருப்பிவிடும். இலவசக் காலம் முடிந்ததும் அது வேலை செய்யாமல் போகலாம். வலைத்தளத்தின் நேரடி முகவரியை வைத்தே குறியீடு உருவாக்கித் தருவதாக விலைப்புள்ளியில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

அழைப்பிதழ் வாசகம் எந்த வடிவில் வரும் என்பதையும் பேச்சுவாக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். அச்சகத்திலிருந்து வரும் தமிழ் உரை பல நேரங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் வலைத்தளத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து நிற்கும். யூனிகோடுக்கு மாற்றியபின் வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும். படமாக மட்டும் வந்தால் முழுவதும் தட்டச்சு செய்ய வேண்டும். கணக்கில் அதற்கும் நேரம் வேண்டும்.

பக்கம் என்றால் என்ன என்று சொல்லிவிடுங்கள்

அழைப்பிதழ் தளங்கள் பெரும்பாலும் ஒரே நீளப் பக்கமாக, கீழே உருட்டிக்கொண்டே போகும்படி இருக்கும். உங்கள் பார்வையில் அது ஒரு பக்கம். வீட்டார் கண்ணில் முகப்பு, நிகழ்ச்சி விவரம், படங்கள், படிவம் என நான்கு. ‘4 பக்கங்கள்’ என்று மட்டும் எழுதினால், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனிப் பக்கம் என்று அவர்கள் எண்ணிக்கொள்வார்கள். எண்ணிக்கையோடு பெயரும், பெயரோடு உள்ளடக்கமும் வேண்டும். படங்கள் என்று எழுதினால் எத்தனை படங்கள் என்றும் எழுதுங்கள். ‘12 படங்கள் வரை’ என்று ஓர் எல்லை இல்லாவிட்டால் கைபேசியில் உள்ள அத்தனையும் வரும். அவற்றில் பொறுக்கும் வேலை உங்கள் தலையில் விழும், தளமும் மெதுவாகத் திறக்கும். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும் என்பதால், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

பாட்டு பற்றியும் முன்பே பேசிவிடுவது நல்லது, ஏனென்றால் பலரும் கேட்பது இதுதான். தளம் திறந்தவுடன் தானாகப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பார்கள். இன்றைய பிரவுசர்கள் பயனர் திரையைத் தொடும் முன் ஒலியை இயக்குவதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ‘அழைப்பிதழைத் திறக்க’ என்று ஒரு பொத்தான் வைத்து, அதைத் தொட்டதும் இசை தொடங்கும்படி செய்யலாம். இதை விலைப்புள்ளியிலேயே எழுதினால், முதல் மாதிரியைப் பார்த்துவிட்டு ‘பாட்டு வரவில்லையே’ என்ற புகார் எழாது. இசைக் கோப்பு அவர்கள் தரவேண்டியது, அதைப் பயன்படுத்தும் உரிமையும் அவர்கள் பொறுப்பு என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.

தொகையைக் கணக்கிடுதல்

எடுத்துக்காட்டில் உள்ள வேலையை மணி நேரமாகப் பிரிப்போம். உரையையும் படங்களையும் ஒழுங்குபடுத்த 2 மணி. முகப்பு வடிவமைப்புக்கு 5 மணி, ஏனென்றால் நிறம், எழுத்துரு, தோற்றம் எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. மற்ற மூன்று பக்கங்களுக்குத் தலா 2 மணி வீதம் 6 மணி. இரண்டாம் மொழிக்கு 3 மணி. இரண்டு திருத்தச் சுற்றுகளுக்குத் தலா ஒன்றரை மணி வீதம் 3 மணி. வெளியிடவும் பல கைபேசிகளில் சோதிக்கவும் 2 மணி. வீட்டாரோடு பேசுவதற்கு 3 மணி.

மொத்தம் 24 மணி, அதாவது 2,400. டொமைனுக்கு ஓராண்டுக் கட்டணம் 150 என்று கொண்டால் 2,550 ஆகிறது.

பேசும் நேரத்தைக் கணக்கில் சேர்க்கத் தயங்குபவர்கள் பலர். கல்யாண வேலையில் அதுதான் எதிர்பார்த்ததைவிட நீளும் பகுதி. வீட்டாருக்குக் காட்டும் பட்டியலில் அதற்குத் தனி வரி போட வேண்டாம். உங்கள் உள்கணக்கில் மட்டும் இருக்கட்டும். அதேபோல மணி நேரப் பிரிவையும் செய்தியில் போடாதீர்கள். போட்டால் ‘முகப்புக்கு ஏன் 5 மணி?’ என்று பேச்சு அங்கேயே நின்றுவிடும். அவர்கள் பார்க்க வேண்டியது, எது சேர்ந்தது, எது தனி என்பதைத்தான்.

டொமைன் கட்டணத்தை மட்டும் தனியாகக் காட்டுங்கள். அது உங்கள் கூலி அல்ல, பதிவு நிறுவனத்துக்குப் போகும் தொகை. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது என்பதும் அப்போதுதான் தெளிவாகும். இல்லாவிட்டால் ஓராண்டு கழித்து முகவரி வேலை செய்யாதபோது ‘நாங்கள்தான் முழுப் பணமும் கொடுத்தோமே’ என்பார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கும்.

திருத்தம்: இங்கேதான் பணமும் உறவும் கெடுகின்றன

‘2 திருத்தங்கள் இலவசம்’ என்ற வரி ஒன்றையும் தெளிவாக்குவதில்லை. ஒரு பெயரைச் சரிசெய்வதும் திருத்தம், முழு நிறத்தையும் மாற்றுவதும் திருத்தம் என்றால், இரண்டு முடிந்துவிட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டார் கேட்கும் மாற்றங்களை நான்கு வகையாகப் பிரித்துப் பாருங்கள்.

முதல் வகை உங்கள் பிழை. அவர்கள் தந்த உரையில் சரியாக இருந்து, தளத்தில் தவறாக வந்தது. அதற்கு எண்ணிக்கையும் இல்லை, கட்டணமும் இல்லை. இதைச் சொல்லிவிட்டால், மீதி மூன்றுக்கும் நீங்கள் வைக்கும் எல்லைகளை வீட்டார் எளிதில் ஏற்பார்கள்.

இரண்டாவதுதான் உண்மையான திருத்தம். காட்டிய மாதிரியில் நிறம், படம், வாசகம், பகுதிகளின் வரிசை ஆகியவற்றை மாற்றுவது. இதை ஒவ்வொன்றாக எண்ணக் கூடாது, சுற்றாக எண்ண வேண்டும். வீட்டார் எல்லோரும் பார்த்து, எல்லா மாற்றங்களையும் ஒரே பட்டியலாக ஒருவர் வழியாக அனுப்பினால் அது ஒரு சுற்று. பட்டியலில் 3 மாற்றம் இருந்தாலும் 15 இருந்தாலும் சுற்று ஒன்றுதான். பட்டியல் வந்துசேர்ந்து, அவர் ‘இவ்வளவுதான்’ என்று சொன்ன பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

‘ஒருவர் வழியாக’ என்பதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? அத்தை குரல் பதிவில் ஒரு மாற்றம் சொல்வார், அண்ணன் ஸ்கிரீன்ஷாட்டில் வட்டமிட்டு அனுப்புவார், மணமகள் அதற்கு நேர்மாறாகக் கேட்பார். யார் சொன்னதைச் செய்தாலும் இன்னொருவருக்கு வருத்தம். அந்த முடிவை எடுக்க உங்களுக்கு உரிமையும் இல்லை. பெரியவர்கள் பெயர்களின் வரிசை இதில் மிக நுட்பமானது. அந்த வரிசையை இரு வீட்டாரும் பார்த்து உறுதிசெய்த பிறகே உரையைத் தரும்படி விலைப்புள்ளியில் கேளுங்கள்.

மூன்றாவது வகை, தளம் வெளியான பிறகு மாறும் தகவல்: நேரம், இடம், தொலைபேசி எண். இந்த மூன்றையும் கல்யாண நாள்வரை கட்டணமின்றி மாற்றித் தருவதே சரி. தவறான மண்டபத்துக்கு ஒருவர் போய் நிற்பதைவிட உங்கள் பத்து நிமிடம் பெரிதல்ல. ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லிங்க்கை அனுப்பும்போது அதனோடு தோன்றும் சிறு முன்காட்சிப் படமும் தலைப்பும், தளத்தின் `og:image`, `og:title` குறிகளிலிருந்து அனுப்பும் நேரத்தில் எடுக்கப்பட்டு, வாட்ஸ்அப் செய்தியோடு சேர்ந்து போகின்றன. அப்புறம் தளத்தை மாற்றினாலும், ஏற்கெனவே போய்ச் சேர்ந்த செய்திகளில் அந்த முன்காட்சி மாறாது. தேதியும் நேரமும் முன்காட்சிப் படத்தில் எழுதப்பட்டிருந்தால், பழைய நேரம் உறவினர்களின் கைபேசியில் அப்படியே நிற்கும். அதனால் முன்காட்சிப் படத்தில் மணமக்கள் பெயர் மட்டும் போதும். மாறக்கூடிய நேரத்தையும் இடத்தையும் தளத்துக்குள் வையுங்கள்.

நான்காவது வகை புதியது. இன்னொரு பக்கம், ஒரு காணொளி, மூன்றாம் மொழி, ஒப்புக்கொண்ட வடிவமைப்பை விட்டு வேறொன்று. இவை திருத்தமே அல்ல, இவற்றுக்குத் தனித் தொகை. அந்தத் தொகையை இப்போதே எழுதிவிடுங்கள். எடுத்துக்காட்டில் கூடுதல் திருத்தச் சுற்று ஒன்றுக்கு 150. இரு மொழியிலும் கூடுதல் பக்கம் ஒன்றுக்கு 300. பின்னால் கேட்கும்போது விலை சொன்னால் பேரமாக மாறும். முன்பே எழுதியிருந்தால் அவர்களே பார்த்து முடிவெடுப்பார்கள்.

நாள்களும் பணமும்

நாள் எண்ணிக்கை முன்பணம், உரை, படங்கள் மூன்றும் வந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். முதல் மாதிரிக்கு 5 நாள், வீட்டார் பார்க்க 2 நாள், முதல் சுற்றுக்கு 2 நாள், மறுபடி பார்க்க 2 நாள், இரண்டாம் சுற்றுக்கு 1 நாள், வெளியிட 1 நாள். மொத்தம் 13 நாள், 14 என்று சொல்லுங்கள். அவர்கள் பதில் சொல்ல எடுக்கும் நாள்களையும் சேர்த்தே காட்டினால், தாமதம் எந்தப் பக்கம் என்பதில் குழப்பம் வராது.

பணத்தை இரண்டாகப் பிரித்தால் போதும். வேலைத் தொகையில் பாதி 1,200, அதோடு டொமைன் 150, ஆக 1,350 முன்பணம். மீதி 1,200 இறுதி மாதிரியை ஒப்புக்கொண்ட பிறகு, லிங்க் கையில் தரும் முன். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அந்த நாள்களில் வீட்டாருக்கு எல்லாப் பக்கமும் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும், சிறு தொகை கடைசியில்தான் நினைவுக்கு வரும்.

முழுச் செய்தி

கீழே உள்ளதை உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வரிகளைச் சிறியதாக வைத்தால் கைபேசியில் படிக்க எளிது. பெரியவர் படிப்பார் என்பதால் மரியாதை வடிவம் முழுவதும் ஒன்றாக இருக்கட்டும்.

> வணக்கம் ஐயா. தங்கள் மகளின் திருமண அழைப்பிதழ் வலைத்தளத்துக்கான விவரம் இது. வீட்டில் எல்லோரும் பார்க்க வசதியாக ஒரே செய்தியில் தருகிறேன்.
>
> என்ன கிடைக்கும்: தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் 4 பக்கங்கள்.
> 1. முகப்பு: மணமக்கள் பெயர், தேதி, அழைப்பு வாசகம்
> 2. நிகழ்ச்சிகள்: திருமணம், வரவேற்பு, நேரம், இடம், வரைபட லிங்க்
> 3. படங்கள்: 12 வரை
> 4. வருகைப் பதிவு: பெயர், எத்தனை பேர், தொலைபேசி எண்
>
> அச்சு அழைப்பிதழில் போட, வலைத்தளத்தின் நேரடி முகவரியை வைத்தே உருவாக்கிய க்யூஆர் குறியீடும் உண்டு. இசை வேண்டுமானால் கோப்பைத் தாருங்கள். அதன் உரிமை தங்கள் பொறுப்பு. அழைப்பிதழைத் திறக்கும் பொத்தானைத் தொட்டதும் ஒலிக்கும்.
>
> தொகை: வடிவமைப்பும் வேலையும் 2,400. டொமைன் ஓராண்டுக்கு 150. மொத்தம் 2,550.
>
> திருத்தம்: 2 சுற்றுகள் இந்தத் தொகைக்குள் அடங்கும். எல்லா மாற்றங்களையும் ஒரே பட்டியலாக, வீட்டிலிருந்து ஒருவர் அனுப்பினால் அது ஒரு சுற்று. எங்கள் பக்கப் பிழை எதுவானாலும் கட்டணமின்றிச் சரிசெய்வோம். நேரம், இடம், தொலைபேசி எண் மாறினால் திருமண நாள்வரை கட்டணம் இல்லை.
>
> தனிக் கட்டணம்: கூடுதல் சுற்று 150. கூடுதல் பக்கம் 300.
>
> நாள்: முன்பணம், உரை, படங்கள் வந்த நாளிலிருந்து 14 நாள். ஒவ்வொரு மாதிரியையும் பார்த்துச் சொல்லத் தங்களுக்கு 2 நாள். பெரியவர்கள் பெயர் வரிசையை இரு வீட்டாரும் பார்த்து உறுதிசெய்து தர வேண்டுகிறேன்.
>
> பணம்: தொடங்கும்போது 1,350. இறுதி மாதிரி சரி என்று சொன்னதும், லிங்க் தரும் முன் 1,200.
>
> தளம் ஓராண்டு இருக்கும். தேடலில் வராதபடி வைப்போம். வருகைப் பதிவு விவரங்களைத் தங்களிடம் தந்துவிட்டு, திருமணம் முடிந்து 30 நாளில் அழித்துவிடுவோம்.
>
> இந்த விலை 7 நாள் செல்லும். சம்மதம் என்றால், ‘சம்மதம்’ என்ற பதிலோடு மாற்றங்களை அனுப்பப் போகிறவரின் பெயரையும் தெரிவியுங்கள்.

ஏழு நாள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பேசி வைத்த டொமைன் பெயரை அதற்குள் வேறொருவர் வாங்கிவிடலாம். அந்த 14 நாளை வேறு வேலைக்குக் கொடுக்க வேண்டிய நிலை உங்களுக்கும் வரலாம். தேடலில் வராதபடி வைப்பதற்கு ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் இந்த ஒரு வரி போதும்:

```html
<meta name="robots" content="noindex">
```

இது தேடுபொறிகளுக்கு மட்டும்தான். லிங்க் கிடைத்தவர் எவரும் தளத்தைத் திறக்கலாம். வீட்டு முகவரி போன்றவற்றைத் தளத்தில் போடலாமா என்று கேட்டால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அனுப்பிய பிறகு

‘சரி, ஆரம்பிங்க’ என்று மட்டும் பதில் வந்தால் அது பாதிச் சம்மதம். யார் மாற்றம் அனுப்புவார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை என்றால், செய்தியை முழுவதும் படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பெயரைக் கேட்டு வாங்கிய பிறகு தொடங்குங்கள்.

‘கொஞ்சம் குறைச்சுக்கோங்க’ என்றால் தொகையை மட்டும் குறைக்காதீர்கள். வேலையைக் குறைத்து அதற்கேற்பத் தொகையைக் குறையுங்கள். ஆங்கிலம் வேண்டாம் என்றால் 300 குறைந்து மொத்தம் 2,250. படப் பக்கத்தை மட்டும் விட்டால் 200 குறைந்து 2,350. எதை விடலாம் என்று அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். திருத்தச் சுற்றைக் குறைத்து விலையைக் குறைப்பது மட்டும் வேண்டாம். கல்யாண வீட்டில் மாற்றம் வராமல் இருக்காது, அந்த 150 பின்னால் மனவருத்தமாகத் திரும்பி வரும்.

பேசி முடித்து எது மாறினாலும், ‘மேலே சொன்னதில் இதை மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று ஒட்டு வைக்காமல், முழுச் செய்தியையும் புதிதாக எழுதி, முதல் வரியில் ‘இறுதி விவரம்’ என்றும் தேதியும் போட்டு அனுப்புங்கள். பழைய செய்தி ஏற்கெனவே வீட்டுக் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும். பணம் வந்ததும் அந்த இறுதிச் செய்திக்கே பதிலாக, ‘1,350 வந்தது, உரையும் படங்களும் வந்தன, இன்றிலிருந்து 14 நாள்’ என்று எழுதிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.